படத்தில் படாத மாலை

மாசி 7, ஞாயிறு

செய்யாறு போய் மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டு வந்தோம், நானும் தம்பி ஏழுமலையும். ஏறினதுமே பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. நல்ல சகுனம் என்றேன். தம்பி, "பஸ்ஸுல சீட்டு கெடச்சதுக்கெல்லாம் சாமி வருமாக்கா?" என்று சிரித்தான். அவன் அப்படித்தான்.

வளர்மதி அவன் மகள். அவள் அம்மா போன பிறகு என் இடுப்பில் வளர்ந்தாள். டீச்சர் வேலை, முப்பத்திரண்டு முடிந்துவிட்டது. வந்த வரன் எல்லாம் ஏதாவது ஒரு காரணத்தில் தட்டிப் போனது. இந்த மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் தாரம். பெயர் தணிகைவேல், பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். மூத்தவள் குணசுந்தரி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாம், குழந்தை இல்லை. தரகர் சொன்னது இவ்வளவுதான்.

ஒரு வீட்டுக்குப் போனால் நான் பாத்திரம் பண்டத்தைப் பார்ப்பதில்லை. செத்தவர்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அதில் அந்த வீட்டு லட்சணம் தெரிந்துவிடும். இங்கே எல்லாம் முறையாகவே இருந்தது. கூடத்தில் தெற்குச் சுவரில் மாப்பிள்ளையின் அப்பா, அவர் அப்பா. கீழே தோற்றம், மறைவு என்று தேதி போட்ட பட்டை. பிளாஸ்டிக் மாலை, சின்னச் சிவப்பு பல்பு. வருகிறவர் போகிறவர் பார்த்து இன்னார், இந்த வருஷம் போனார் என்று தெரிந்துகொள்கிற படம் அது.

பூஜை அறை வேறு. சுமங்கலியாகப் போனவளை எங்கள் பக்கம் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவோம். அவள் படத்துக்குத் தேதி போட மாட்டார்கள். சாமிக்கு ஏது தேதி? மாப்பிள்ளையின் பாட்டி அங்கே அப்படித்தான் இருந்தாள். கண்ணாடியில் நெற்றிக்கு நேராக வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வைத்த குங்குமம் பொருக்குத் தட்டி, விரல் கனத்துக்கு நின்றது. சந்தனச் சீவல் மாலை விளக்குப் புகையில் கறுத்துப் போயிருந்தது. அவளுக்குப் பக்கத்தில், கிழக்குச் சுவரில், குணசுந்தரி. பச்சைப் பட்டு, மூக்குத்தி. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். புதுச் சந்தன மாலை, அறை முழுக்க வாசனை.

கையில் இருந்த கதம்பத்தில் ஒரு முழம் கிள்ளி அவள் படத்தில் வைத்து, "தாயே, எங்க பொண்ண உன் தங்கச்சியா நெனச்சிக்கோ" என்று கும்பிட்டேன். சம்பந்தியம்மா சுலோச்சனா விறுவிறு என்று வந்து அந்தப் பூவை எடுத்து அம்மன் படத்தில் வைத்தார்.

"மொதல்ல சாமிக்கு வைங்க அண்ணி."

எவ்வளவு பக்தி! வரும் வழியெல்லாம் தம்பியிடம் இதையேதான் சொன்னேன்.

மாசி 8, திங்கள், அமாவாசை

என் வீட்டுக்காரர் படத்தை இறக்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வடை பாயசத்தோடு படைத்தேன். அவருக்குத் தனியாக ஒரு போட்டோ கிடையாது. பதினாறாம் நாள் படத்திறப்புக்கு, கல்யாணப் படத்தில் இருந்து என்னை வெட்டி எடுத்துவிட்டுத்தான் போட்டார்கள். ஓரத்தில் என் தோள் மட்டும் நின்றுவிட்டது. உயிரோடு இருக்கிறவள் தோளில் மாலை படக்கூடாது என்று ஸ்டுடியோக்காரர் அதன்மேல் நீலம் பூசிக் கொடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நீலத்துக்குள் தோள் இன்னும் தெரியும். வளர்மதி சின்னப் பிள்ளையில், "அத்தை, நீ மாமா பக்கத்துல ஒளிஞ்சினு கிறியா?" என்பாள். அடித்திருக்கிறேன்.

மாசி 12, வெள்ளி

சித்திரை பதினாலு என்று நாள் குறித்தாயிற்று. தம்பி காலையில் இருந்து விசிலடித்துக்கொண்டு திரிகிறான். வளர்மதி பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, "சந்தோஷமா அத்தை? இனிமே கேஸு சிலிண்டரு யாரு மாத்துவாங்க உனக்கு?" என்றாள். நான் கற்றுக்கொள்வேன் என்றேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது, பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

மாசி 20, சனி

ஆரணியில் பட்டு எடுத்தோம். வளர்மதிக்கு அரக்கு. அவளுக்குத் தெரியாமல் குணசுந்தரிக்கும் பச்சையில் ஒன்று எடுத்துவிட்டேன். இரண்டாம் தாரமாகப் போகிறவள், மூத்தவளுக்குப் புடவை வைத்துப் படைத்து, அந்தப் புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார வேண்டும். மூத்தவள் மனம் குளிராவிட்டால் வந்தவள் வயிற்றில் எதுவும் தங்காது. சாணாரப்பாளையத்து செல்லியின் கதை எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

வளர்மதியின் போனில் சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டேன்.

"படையல் போடணுமே. அவ என்னா திதி?"

குக்கரை இறக்கிவிட்டு வருகிறேன் என்று போனார். பிறகு, "ஆடி மாசம் அண்ணி. வளர்பிறை. திதி எதுக்கு இப்ப, நல்ல காரியம் பேசும்போது?" என்றார்.

பெற்ற தாயைப்போல் துக்கம், என்ன செய்வார் பாவம்.

மாசி 21, ஞாயிறு

தூக்கமில்லை. வெயில்.

மாசி 26, வெள்ளி

ஜாக்கெட் அளவுக்கும் சீர்த்தட்டு எண்ணிக்கைக்கும் பேச நான் மட்டும் செய்யாறு போனேன். அளவு ஒரு சாக்கு. படத்தை ஒருமுறை பார்க்கவேண்டும் போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை. பூஜை அறையில் எல்லாப் படத்துக்கும் மாப்பிள்ளை கையால் புதுப் பொட்டு, பாட்டிக்கும். குணசுந்தரிக்கு இல்லை. ஒருவேளை இனிமேல் வைப்பார்களோ என்று கிட்டே போனேன். கண்ணாடி பளிங்காக இருந்தது. நெற்றிக்கு நேராகச் சந்தனம் காய்ந்த தடம்கூட இல்லை. பொட்டு வைத்த படத்தைத் துடைத்தாலும் சட்டத்தின் கீழ் இடுக்கில் சிவப்புத் தூள் நிற்கும், நகத்தால் சுரண்டினாலும் வராது. பாட்டி படத்தில் நின்றது. இவளுடையதில் விரல் விட்டுப் பார்த்தேன். தூசிகூட இல்லை.

மாலையையும் பார்த்தேன். படத்தின்மேல் படவில்லை. மேலே தனியாக ஓர் ஆணி அடித்து, அதில் இருந்து இரண்டு பக்கமும் சட்டத்துக்கு வெளியே தொங்க விட்டிருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் போட்டதுபோலவே இருக்கும்.

மாப்பிள்ளை சாப்பாட்டுக்கு வந்தார். நான் மெதுவாக, "பாவம், போனது எந்த மாசம் தம்பி?" என்றேன்.

"கார்த்திகைங்க" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. சம்பந்தியம்மா ரசம் ஊற்ற வந்தவர், தட்டு நிரம்பி வழிகிற வரைக்கும் ஊற்றினார்.

ஆம்பிளைகளுக்கு மாசம் தேதி எங்கே நினைவிருக்கும்? என் வீட்டுக்காரருக்கு என் பெயரே சில நாள் மறந்துபோகும்.

பங்குனி 3, வெள்ளி

எழுதிவிடுகிறேன், மனசுக்குள் வைத்தால் புழு மாதிரி நெளிகிறது.

கூடத்துப் படம் என்றால் தேதி இருக்க வேண்டும், தெற்குச் சுவர் இருக்க வேண்டும், வருஷா வருஷம் திதி கொடுக்க வேண்டும். பூஜை அறைப் படம் என்றால் தேதி வேண்டாம், பொட்டு வேண்டும், அவளுக்கென்று எடுத்த புடவை ஒரு பானையிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். இவளுக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. மாலை மட்டும் இருக்கிறது, அதுவும் படாமல்.

எந்தச் சாவுக்கு இப்படி நடக்கும்? தானாகத் தேடிக்கொண்ட சாவுக்கு. தூக்கில் தொங்கினவளுக்கும் மேலே எண்ணெய் ஊற்றிக்கொண்டவளுக்கும் பொட்டு வைக்க வீட்டில் ஒருவருக்கும் கை வராது. வைத்தால் அவள் உள்ளே வந்துவிடுவாள். அல்லது அவளாகத் தேடிக்கொள்ளாத சாவு.

முருகா, நான் எழுதினதை நீ படிக்காதே.

தம்பியிடம் சொன்னேன். அவன் சாப்பிட்ட கையைக் கழுவாமல் என்னையே பார்த்தான்.

"பொட்டு வெக்கலன்னு கல்யாணத்த நிறுத்தணுமா? இன்னொரு வரன் நீ கொண்டாருவியாக்கா?"

"நான் நிறுத்தச் சொன்னேனா?"

"பின்ன இன்னா சொல்ற?"

வளர்மதி உள்ளே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனா சத்தம் நின்றிருந்தது.

பங்குனி 7, செவ்வாய், அமாவாசை

விடிந்ததும் செய்யாறுக்குப் போன் போட்டேன். யார் யாருக்குப் படையல் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். வீட்டுக்காரருக்கு, மாமனாருக்கு என்றார் சம்பந்தியம்மா. அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றார்.

என் வீட்டுக்காரர் படத்துக்குப் பொட்டு வைக்கும்போது கை தவறிக் குங்குமம் அவர் மூக்கில் ஒட்டிக்கொண்டது. துடைத்தேன். இன்னும் பரவியது.

பங்குனி 10, வெள்ளி

துணி உலர்த்தும்போது வளர்மதி கேட்டாள். "அத்தை, அந்த வீட்டுல என்னாத்தப் பாத்து பயந்துனு கிற?"

ஒன்றுமில்லை என்றேன்.

"பொய் சொல்லும்போது நீ முருகான்னு சொல்ல மாட்ட. இப்பச் சொல்லல."

பிறகு கொடியில் புடவையை நீவிக்கொண்டே, "நான்தான் அங்க இருக்கப் போறேன். எனக்குத் தெரியணும்" என்றாள். படையல் முடியட்டும், முடிந்ததும் எல்லாம் சொல்கிறேன் என்றேன். படையல் ஒழுங்காக நடந்து, மாப்பிள்ளை கையால் குணசுந்தரிக்குப் பொட்டு விழுந்துவிட்டால் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. எந்தச் சாவாக இருந்தாலும், முறையாகக் கும்பிட்டால் அடங்குவாள். இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நடக்காவிட்டால் வளர்மதியை அந்த வாசல்படி மிதிக்க விட மாட்டேன், தம்பி என்னைத் தலைமுழுகினாலும் சரி.

பங்குனி 17, வெள்ளி

எழுத உட்கார்ந்தால் பேனா பிடிக்க வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நானும் தம்பியும் பச்சைப் பட்டு, வளையல், சீப்பு, கண்ணாடி, பூ, குங்குமம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். சர்க்கரைப் பொங்கலும் கொழுக்கட்டையும் நானே அங்கே செய்தேன். சம்பந்தியம்மாவுக்குத் தலைவலியாம், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"படத்த எறக்கணும். மணையில வெச்சித்தான் படைக்கணும்" என்றேன்.

"செவுத்துலயே இருக்கட்டுமே அண்ணி."

"செவுத்துல இருந்தா கூப்புட்ட மாதிரி ஆவாது."

தம்பி ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினான். வழிவிட என்று பாட்டி படத்தையும் கொஞ்சம் நகர்த்தினான். பாட்டிக்குப் பின்னால் சுவர், படம் இருந்த அளவுக்குச் சதுரமாகப் பழைய நீலத்தில் பளிச்சென்று இருந்தது, சுற்றிப் புகை. குணசுந்தரி இருந்த இடம் சுற்றுச் சுவர் எப்படியோ அப்படியே. போய் நாலு வருஷம் என்றார்களே? படத்தைப் புரட்டினேன். பின்பக்கம் ஒட்டின காகித நாடா இன்னும் பசை வாசனை.

கும்பிட வந்த காரியத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டேன். மணையில் வைத்துப் புடவை சாத்தினேன். பொட்டு வைக்கவேண்டும். நானும் சம்பந்தியம்மாவும் தாலி இழந்தவர்கள், சுமங்கலிக்கு நாங்கள் வைக்க முடியாது. புருஷன் வைப்பதுதான் முறை.

"தம்பி, வாங்க. சந்தனத்த மோதிர வெரல்ல எடுத்து நெத்திக்கு நேரா வைங்க. அப்புறம் குங்குமம். அப்புறம் மாலைய நல்லாப் படுற மாதிரி போடுங்க."

மாப்பிள்ளை வந்து மண்டியிட்டார். விரலில் சந்தனம் எடுத்தார். கண்ணாடிக்கும் விரலுக்கும் நடுவில் ஓர் அரிசி மணி இடைவெளிதான் இருந்திருக்கும்.

சம்பந்தியம்மா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். சந்தனக் கிண்ணம் உருண்டது.

"வேணான்டா! உன் கையால வெக்காதடா! அவ இருக்காடா!"

நான் சாமி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கற்பூரம் எடுக்கப் போனேன். தம்பிதான் கேட்டான், சின்னக் குரலில். "எங்க இருக்கா?"

"குடியாத்தத்துல. அவ அம்மா வூட்டுல."

உயிரோடு.

சம்பந்தியம்மா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னார். "வுட்டுட்டுப் போயி நாலு வருஷம் ஆவுது அண்ணி, திரும்பி வர மாட்டா. பொண்டாட்டி ஓடிப்போனவன்னா யாரு குடுப்பா? தரகருதான் சொன்னாரு, செத்துட்டான்னா சட்டுனு முடியும், பொண்ணு வூட்டுக்காரங்க கண்ணால ஒரு படம் பாத்தா போதும்னு. நீங்க வர்றதுக்கு மொத நாளு மாட்டினேன். பாவம் பாத்துதான் மாட்டினேன். மாலை மேல படல அண்ணி, ஆணியிலதான் கட்டினேன். பொட்டு வெக்கல. தேதி போடல. தெக்க மாட்டல. அவளுக்கு ஒரு கெடுதலும் நான் நெனக்கல."

சாவை நடித்தவர், சாகடிக்கிற எதையும் செய்யாமல் நடித்திருக்கிறார். நான் பார்த்து நடுங்கினது அத்தனையும் அவர் பயம்.

"நான் கும்பிட்டேனே!" என்று கத்தினேன். "பூ வெச்சிக் கும்பிட்டேனே! தாயேன்னு கூப்புட்டேனே!"

"அதான் பூவ எடுத்துட்டேனே அண்ணி."

மாப்பிள்ளை விரலில் சந்தனத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "கோர்ட்டுக்குப் போகச் சொன்னாங்க. எனக்கு பயம்" என்றார். அவர் எங்களிடம் பேசின நீளமான பேச்சு அதுதான்.

நான் அந்த மாலையை ஆணியில் இருந்து அறுத்து எறிந்தேன். படத்தைப் பச்சைப் பட்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. பஸ்ஸில் தம்பி ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தான். "அவ திரும்பி வர மாட்டான்னு சொல்றாங்க இல்ல?"

நான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பங்குனி 18, சனி

வளர்மதியிடம் எல்லாம் சொன்னேன். அழுவாள் என்று பார்த்தேன். கேட்டுக்கொண்டே தேங்காய் துருவினாள், ஓடு வரைக்கும் துருவினாள்.

"அவங்க சொன்னத மொதல்ல நம்புன. இப்ப இருக்கான்னு சொல்றதையும் நம்புற. நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை.

படத்தை எங்கே வைப்பது? சாமி அறையில் வைக்க முடியாது, மனுஷி. தெற்குச் சுவர் கூடவே கூடாது. தரையில் வைத்தால் கால் படும். குப்புற வைத்தால் குடியாத்தத்தில் அவள் குப்புற விழுந்துவிட்டால்? கட்டிலில் தலையணை போட்டுச் சாய்த்து வைத்திருக்கிறேன். நான் பாயில் படுக்கிறேன்.

பங்குனி 19, ஞாயிறு

தம்பி செய்யாறுக்குப் போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பிறகு வெளியே போனவன் சாப்பாட்டுக்கு வரவில்லை. தெருவில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஜாதகம் சரியில்லை என்றேன். முருகா என்று சொல்லவில்லை.

பங்குனி 24, வெள்ளி

குடியாத்தம். நானும் வளர்மதியும். மாப்பிள்ளைதான், இனி என்ன மாப்பிள்ளை, தணிகைவேல்தான் தெருவைச் சொன்னார். படம் என் மடியில். வழி முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. அந்தத் தெருவில் பறைச் சத்தம் கேட்டால்? வாசலில் பந்தல் போட்டிருந்தால்? நான் கும்பிட்ட கும்பிடு போய்ச் சேர்ந்திருந்தால்? வளர்மதி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் கையும் சில்லென்றுதான் இருந்தது.

கதவு தட்டினோம். உள்ளே இருமல் சத்தம்.

திறந்தது அவள்தான். படத்தைவிடப் பருத்திருந்தாள், மூக்குத்தி இல்லை, கையில் மிளகாய் காம்பு கிள்ளின நெடி. அதுதான் இருமல்.

"யாரு வேணும்?"

நான் ஏதாவது பொய் யோசிப்பதற்குள் வளர்மதி சொல்லிவிட்டாள், நின்ற இடத்திலேயே, ஒன்றுவிடாமல். மாலை, ஆணி, காமாலை, சந்தனம் எல்லாம். குணசுந்தரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் மாமியாரைத் திட்டவில்லை.

"என்னா வியாதின்னு சொன்னாங்க?"

"மஞ்சள் காமாலை."

"அங்க இருந்திருந்தா சாவ அது கூட வேண்டியதில்ல" என்றாள். பிறகு வளர்மதியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதானா? பொழச்ச போ." மறுபடி என்னிடம், "எந்தப் படம்? பச்சைப் பொடவையா?" என்றாள்.

பட்டை அவிழ்த்துக் காட்டினேன்.

"இதானே! நான் நல்லா விழுந்த போட்டோ ஒலகத்துல இது ஒண்ணுதான். வரும்போது எடுத்தாரல. இதுக்காவது அங்க போவலாமான்னு நெனச்சிருக்கேன்."

வாங்கி முந்தானையால் துடைத்தாள். உள்ளே போய் டி.வி. மேல் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, தள்ளி நின்று அழகு பார்த்தாள். படத்துக்குப் பக்கத்தில் அவள். பழக்க தோஷம், எனக்கு இரண்டு கையும் கும்பிட எழுந்துவிட்டது. நெஞ்சு வரைக்கும் வந்த கையை இறக்கவும் தெரியவில்லை, கூப்பவும் பயமாக இருந்தது. அப்படியே நீட்டி அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாம்மா?" என்றாள்.

சூடாக இருந்தது.